யூடியூப் சேனலில் யார் யாரை ஹைட் செய்திருக்கிறோம், அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

மாடித்தோட்டம் பற்றி வீடியோ போடும் ஒரு தோழிக்கு, அவருடைய பழைய பார்வையாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். "அக்கா, ஒவ்வொரு வீடியோவுக்கும் கமெண்ட் போடுறேன். முன்னெல்லாம் பதில் சொல்வீங்க, இப்ப ஒரு ஹார்ட் கூட வர்றதில்லை. என்மேல ஏதாவது கோபமா?" கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். வீடியோவுக்குக் கீழே, அவர் பெயரோடு, செம்பருத்தி மாவுப்பூச்சி பற்றிக் கேட்ட நீளமான கமெண்ட் தெளிவாக இருக்கிறது. தோழி தன் கம்ப்யூட்டரில் அதே வீடியோவைத் திறந்து தேடினார். அப்படி ஒரு கமெண்டே அங்கே இல்லை.

ஒருவர் திரையில் இருக்கும் கமெண்ட் இன்னொருவர் திரையில் இல்லை என்றால், அந்தப் பார்வையாளர் சேனலில் ஹைட் செய்யப்பட்டிருக்கலாம். அப்படித்தானா என்று எப்படி உறுதி செய்வது, பட்டியலை எங்கே பார்ப்பது, தவறுதலாகச் சேர்ந்தவரை எப்படி வெளியே எடுப்பது என்பதை இந்த வழக்கை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். யூடியூப் ஸ்டுடியோவில் உள்ள பொத்தான் பெயர்களை ஆங்கிலத் திரையில் வரும்படியே தருகிறேன். உங்கள் ஸ்டுடியோ தமிழில் இருந்தால், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு பின்தொடர்வது எளிது.

ஹைட் செய்தால் என்ன நடக்கும்?

ஒரு கமெண்டுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் `Remove`, `Report`, `Hide user from channel` என்று சில தெரிவுகள் வரும். `Remove` அந்த ஒரு கமெண்டையும் அதற்கு வந்த பதில்களையும் மட்டும் நீக்கும். அந்த ஆள் அடுத்த நிமிடமே வேறு கமெண்ட் போடலாம், அது எல்லாருக்கும் தெரியும். `Hide user from channel` அப்படியில்லை, அது ஆளையே மறைக்கும். அவர் உங்கள் சேனலில் எந்த வீடியோவில் எழுதினாலும் மற்றவர்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே எழுதியிருந்த கமெண்டுகளும் கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடும். லைவ் சாட்டிலிருந்து ஒருவரை ஹைட் செய்தாலும் இதே விளைவுதான். அந்த லைவோடு முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது. மற்ற வீடியோக்களில் அவர் எழுதும் கமெண்டுகளும் மறையும்.

இதெல்லாம் நடந்தாலும் மறைக்கப்பட்டவருக்கு யூடியூப் எந்த அறிவிப்பும் அனுப்பாது. வீடியோ வழக்கம்போல ஓடும். லைக் போடலாம், சப்ஸ்கிரைபராகத் தொடரலாம். கமெண்ட் எழுதும் பெட்டி திறந்தே இருக்கும். எழுதி அனுப்பினால் அவர் பெயர், படத்தோடு அவர் திரையில் கமெண்ட் வந்து உட்காரும். "நீங்கள் தடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று எங்கேயும் ஒரு வரி வராது. அவருக்குத் தென்படும் ஒரே அடையாளம், அந்தக் கமெண்டுக்கு லைக்கோ பதிலோ வராமலே இருப்பதுதான்.

தொல்லை கொடுப்பவர்களிடமிருந்து சேனல் நடத்துபவரைக் காக்க இந்த மௌனம் மிகவும் உதவுகிறது. தடுக்கப்பட்டது தெரிந்தால் அந்த ஆள் அடுத்த கணமே புது ஐடியில் வருவார். ஆனால் தவறுதலாக ஒருவர் மாட்டிக்கொண்டாலும் அதே மௌனம்தான். அவருக்குத் தெரிய வழியில்லை என்பதால், தவறைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுக்க சேனல் நடத்துபவரிடம் வந்து நிற்கிறது.

முதலில் வேறு காரணங்களைத் தள்ளிவிடுங்கள்

கமெண்ட் காணவில்லை என்றவுடன் ஹைட் பட்டியலுக்கு ஓட வேண்டாம். அதைவிட அடிக்கடி நடப்பது, கமெண்ட் பரிசீலனையில் நின்றுபோவது. `studio.youtube.com` திறந்து, இடதுபக்கம் உள்ள `Comments` அல்லது `Community` பகுதிக்குப் போய் `Held for review` என்பதைத் தேர்ந்தெடுங்கள். தடைசெய்த சொற்கள், லிங்க், ஸ்பேம் என்று சந்தேகம் வந்தவை எல்லாம் இங்கே காத்திருக்கும். எவ்வளவு காலமும் காத்திருக்காது, 60 நாள் வரைதான்.

தோழியின் சேனலில் இங்கே எட்டிப் பார்த்தபோது அந்தப் பார்வையாளரின் கமெண்ட் ஒன்றுகூட இல்லை. வெளியான கமெண்டுகளில் அவர் பெயரைப் போட்டுத் தேடியும் வரவில்லை. ஒரு கமெண்ட் மட்டும் காணாமல் போயிருந்தால் வடிகட்டி பிடித்திருக்கும் என்று சொல்லலாம். ஒரே ஆளின் எல்லாக் கமெண்டும், பழையதும் சேர்த்துக் காணவில்லை என்றால் ஹைட் பட்டியலைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பட்டியலைப் பார்ப்பது

கம்ப்யூட்டரில் செய்வதே சுலபம்.

1. `studio.youtube.com` திறவுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சேனல் வைத்திருப்பவர்கள், வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு எந்தச் சேனலில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹைட் பட்டியல் சேனலுக்குச் சேனல் தனி.
2. இடதுபக்கம் கீழே உள்ள `Settings` தொடுங்கள். ஒரு பெட்டி திறக்கும்.
3. அதில் `Community` அல்லது `Community moderation` என்று இருப்பதற்குள் போங்கள். திரை அமைப்பு அவ்வப்போது மாறுகிறது, பெயர் எதுவானாலும் மாடரேட்டர்களைச் சேர்க்கும் இடம் இதுதான்.
4. கீழே இறங்கினால் `Moderators`, `Approved users`, `Hidden users` என்று பெட்டிகள் வரும். `Hidden users` பெட்டியில் இருப்பவர்கள்தான் உங்கள் சேனலில் மறைக்கப்பட்டவர்கள்.

பெயர்கள் சிறு சிறு சீட்டுகளாக, ஒவ்வொன்றிலும் ஒரு `X` குறியோடு இருக்கும். யார், எப்போது, எதற்காக ஹைட் செய்தார்கள் என்ற விவரம் இங்கே கிடைக்காது. பெயரும் ஏமாற்றலாம், ஏனென்றால் சேனல் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஒரே பெயரில் பல பேர் இருக்கலாம். அதனால் இனிமேல் ஒருவரை ஹைட் செய்யும்போதே அவருடைய சேனல் முகவரி, தேதி, காரணம் மூன்றையும் ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். மாடரேட்டர்கள் இருந்தால் அந்த ஷீட்டை அவர்களோடு பகிர்ந்துகொள்வது இன்னும் நல்லது.

தோழியின் பெட்டியில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை பணம் இரட்டிப்பாகும் என்று எழுதிய ஸ்பேம் ஐடிகள். நடுவில் அந்தப் பார்வையாளர். யார் செய்தது என்று விசாரித்ததில், லைவ் நடந்தபோது உதவிக்கு இருந்தவர் ஒரு ஸ்பேம் செய்தியை நீக்கப் போய், சாட் வேகமாக நகர்ந்ததில் அடுத்த வரியின் மூன்று புள்ளியைத் தொட்டிருப்பது போலத் தெரிந்தது. லைவ் சாட்டில் இது எளிதாக நடக்கக்கூடியது. விரல் இறங்குவதற்குள் வரி மேலே போய்விடும்.

மறைக்கப்பட்டவர் பார்ப்பதை நீங்களே பார்க்க

எடுப்பதற்கு முன், இதை ஒருமுறை நேரில் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு யாராவது "என் கமெண்ட் வரலை" என்று சொன்னால், அவர் என்ன பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று உங்களுக்குப் புரியும்.

உங்களிடமே உள்ள வேறொரு ஜிமெயிலில் லாகின் செய்து, உங்கள் பழைய வீடியோ ஒன்றில் "சோதனை, தொட்டி எண் மூன்று" என்பதுபோல எளிதில் அடையாளம் தெரியும் கமெண்ட் போடுங்கள். கூட்டம் குறைந்த வீடியோவாக இருந்தால் தேடுவது சுலபம். அப்புறம் உங்கள் சேனல் கணக்கில் வந்து, அந்தக் கமெண்டின் மூன்று புள்ளியைத் தொட்டு `Hide user from channel` கொடுங்கள். மீண்டும் இரண்டாவது ஜிமெயிலுக்குப் போய் அதே வீடியோவில் இன்னொரு கமெண்ட் எழுதுங்கள்.

எந்தத் தடையும் இல்லாமல் அது போகும், திரையிலும் வந்து நிற்கும். இப்போது அந்தக் கமெண்டில், பெயருக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரத்துக்கு முன் எழுதியது என்று காட்டும் எழுத்தைத் தொடுங்கள். மேலே முகவரி இப்படி மாறும்:

```
https://www.youtube.com/watch?v=VIDEO_ID&lc=COMMENT_ID
```

`lc=` என்பதற்குப் பின்னால் வருவது அந்தக் கமெண்டின் அடையாளம். இந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, குரோமில் இன்காக்னிடோ ஜன்னல் திறந்து, எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாமல் ஒட்டுங்கள். எல்லாருக்கும் தெரியும் கமெண்டாக இருந்தால், கமெண்ட் பகுதியின் உச்சியில் `Highlighted comment` என்ற குறிப்போடு அது வந்து நிற்கும். மறைக்கப்பட்டவரின் கமெண்ட் என்றால் மற்றவர்களின் கமெண்டுகள் மட்டுமே வரும். நூற்றுக்கணக்கான கமெண்டுகளை உருட்டிக்கொண்டே தேடும் வேலை இதனால் மிச்சம்.

இந்தச் சோதனை தவறாகப் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. இன்காக்னிடோவில் ஒரு கமெண்டுகூட வரவில்லை என்றால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் `Restricted Mode` போட்டிருப்பார்கள். அது இருக்கும் இடத்தில் யாருடைய கமெண்டும் தெரியாது. மொபைல் டேட்டாவில் மறுபடி பாருங்கள்.

பார்வையாளர் பக்கம் இருப்பவரும் இதே முறையில் தன் கமெண்டைச் சோதிக்கலாம். ஆனால் அவரால் அறிய முடிவது, கமெண்ட் மற்றவர்களுக்குத் தெரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான். பரிசீலனையில் நிற்கிறதா, யூடியூப்பின் ஸ்பேம் வடிகட்டி பிடித்ததா, சேனல்காரர் ஹைட் செய்தாரா என்பதை அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. தனக்கு எங்கெங்கே தடை இருக்கிறது என்று காட்டும் பட்டியல் எதுவும் யூடியூப் பார்வையாளருக்குத் தருவதில்லை. அப்படிக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி உங்கள் கூகுள் கணக்கில் லாகின் கேட்கும் தளங்களை நம்பவே வேண்டாம்.

வெளியே எடுப்பது

`Hidden users` பெட்டியில் அந்தப் பெயரின் `X` தொட்டு, பெட்டியின் கீழே உள்ள `Save` கொடுங்கள். `Save` கொடுக்காமல் மூடினால் பெயர் அப்படியே இருக்கும். சோதனைக்கு ஹைட் செய்த உங்கள் இரண்டாவது கணக்கையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

பழைய கமெண்டுகள் திரும்பி வருமா என்று காத்திருக்காமல், புதிதாக ஒன்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். தோழியும் அப்படித்தான் செய்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, செம்பருத்திக் கேள்வியை மறுபடி போடச் சொன்னார். அவர் அனுப்பிய `lc=` முகவரியை இன்காக்னிடோவில் திறந்ததும் கேள்வி உச்சியில் வந்து நின்றது. வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் எந்த அளவில் கலப்பது என்று தோழி அங்கேயே பதில் எழுதினார்.