ஸ்விட்சில் நான்கு பேர் ஒரே டிவியில் ஆட: கன்ட்ரோலர் இணைப்பும் அதன் வரம்பும்

நிண்டெண்டோ ஸ்விட்சில் நான்கு பேர் ஒரே திரையைப் பங்கிட்டு மரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஆடலாம். டிவியில் இணையாத ஸ்விட்ச் லைட்டை விட்டுவிடுவோம். டாக்கோடு வரும் பழைய ஸ்விட்சுக்கும் ஓஎல்இடி மாடலுக்கும்தான் இந்த விளக்கம்.

முதலில் கணக்கு. ஸ்விட்ச் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 8 வயர்லெஸ் இணைப்புகளை ஏற்கும். இங்கே ஆளை எண்ணக்கூடாது, கருவியை எண்ண வேண்டும். ஸ்விட்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் ஜாய்-கான் ஜோடி இரண்டு இணைப்பு, தனியாக வாங்கும் ப்ரோ கன்ட்ரோலர் ஒன்று. நான்கு பேரும் ஆளுக்கொரு ஜோடி வைத்துக்கொண்டால் எட்டும் தீர்ந்துவிடும். அதற்காக நான்கு ஜோடி வாங்க வேண்டியதில்லை. பெட்டியோடு வந்த ஒரே ஜோடியைப் பிரித்து இருவருக்குக் கொடுங்கள், மற்ற இருவருக்கு இரண்டு ப்ரோ கன்ட்ரோலர்கள். மொத்தம் நான்கே இணைப்பு.

சரி, இணைப்போம். ஸ்விட்சை டாக்கில் வைக்கும் முன் ஜாய்-கான்களைக் கழற்றிவிடுங்கள். ஹோம் திரையில் `Controllers`, அதற்குள் `Change Grip/Order` திறங்கள். புது ப்ரோ கன்ட்ரோலர் என்றால், மேலே சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன `SYNC` பொத்தானை ஒரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். பச்சை விளக்குகள் ஓடிக்கொண்டே இருந்தால் இன்னும் தேடுகிறது என்று அர்த்தம். ஓட்டம் நின்று நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. வேறொரு வீட்டு ஸ்விட்சில் ஆடிவிட்டு வந்த கன்ட்ரோலருக்கும் இதையே மறுபடி செய்ய வேண்டும், அது கடைசியாகச் சேர்ந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

அப்புறம் வரிசை. யார் முதலில் அழுத்துகிறாரோ அவரே முதல் ஆட்டக்காரர். ப்ரோ வைத்திருப்பவர் `L`, `R` இரண்டையும் சேர்த்து அழுத்தட்டும். தனி ஜாய்-கானைப் படுக்கையாகப் பிடிப்பவர் உள்விளிம்பில் இருக்கும் `SL`, `SR` இரண்டையும் அழுத்த வேண்டும். அந்தப் பொத்தான்கள் மிகச் சிறியவை. கைப்பட்டையை மாட்டிவிட்டால் விரலுக்கு நன்றாக எட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். ஒருவர் `A` அழுத்தி முடித்ததும் விளையாட்டில் `Multiplayer` தேர்ந்தெடுத்து, நான்கு பேர் என்று வையுங்கள்.

நான்கு கட்டமாகத் திரை பிரிந்ததும் ஓட்டம் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரியும். இருவர் ஆடும்போது விநாடிக்கு 60 பிரேம். மூன்று, நான்கு பேர் என்றால் 30. கன்ட்ரோலரில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது கன்ட்ரோலர் எத்தனை முறை முயன்றும் சேரவில்லையா? ப்ளூடூத் ஹெட்செட் ஏதாவது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ளூடூத் ஒலி ஓடும்போது 2 வயர்லெஸ் கன்ட்ரோலருக்குத்தான் இடம், ஒரு ஜாய்-கான் ஜோடியே அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளும். ஹெட்செட்டைத் துண்டித்துவிட்டு ஒலியை டிவியில் விடுங்கள்.

வேறு கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு: பிளேஸ்டேஷன் 5-இல் கன்ட்ரோலர் வரம்பு 4, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் 8.