லட்சம் முறை உருட்டியும் பிழை குறையவில்லை: என் அனுபவம்

இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு தடவையாவது இரட்டை ஆறு விழ வாய்ப்பு 0.4914. பாதிக்குச் சற்றே குறைவு. இதை மகளுக்குக் காட்ட, நண்பரிடமிருந்து ஒரு பழைய சி நிரலை வாங்கி ஓட்டினேன். ஆயிரம் சோதனை கொண்ட தொகுதிகள் நூறு, கடைசியில் சராசரி.

ஒருமுறை 0.507 வந்தது, அடுத்த முறை 0.478. ஆயிரம் சோதனைக்கு இந்த ஆட்டம் சகஜம்தான், திட்டப்பிழையே 0.016 இருக்கும். ஆனால் லட்சத்துக்கு அது 0.0016 ஆகச் சுருங்கியிருக்க வேண்டுமே?

முதலில் `rand() % 6` மேல் சந்தேகம். ஒவ்வொரு முகமும் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பெரிய கோணல் இல்லை. தொகுதிகளை இருநூறாக்கினேன், பயனில்லை. நாட்கள்தான் போயின.

அப்புறம் சராசரியை விட்டு ஒவ்வொரு தொகுதியின் விடையையும் அச்சிட்டேன். நூறு வரியிலும் ஒரே எண், 0.507! தொகுதியை ஓட்டும் சார்புக்குள்ளேயே இந்த வரி இருந்தது:

```c
srand(time(NULL));
```

`time` நொடிக்கு ஒருமுறைதான் மாறும். நூறு தொகுதியும் ஒரு நொடிக்குள் முடிவதால் எல்லாமே ஒரே விதையில் தொடங்கி அதே ஆயிரம் சோதனைகளைத் திரும்ப ஓட்டின. மறுபடி இயக்கும்போது நொடி மாறிவிடும், விடையும் மாறும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த வரியை `main` தொடக்கத்துக்கு நகர்த்தினேன். இப்போது விடை பெரும்பாலும் 0.488க்கும் 0.495க்கும் நடுவில் நிற்கிறது. இன்னொரு இலக்கம் சரியாக வேண்டுமென்றால் நூறு மடங்கு சோதனை வேண்டும், அதாவது ஒரு கோடி.