பஃப்ஸ் எத்தனை வாங்கி வைப்பது?

ராத்திரி கடை சாத்தும்போது கண்ணாடிப் பெட்டியில் ஐந்து பஃப்ஸ் கிடந்தால் டீக்கடைக்காரருக்கு வயிறு எரியும். சாயங்காலம் ஐந்தரைக்கே தீர்ந்துபோனால் சந்தோஷம்தான். ஆனால் பிறகு கேட்டு வருகிறவர் வெறுங்கையோடு போவதால் இரண்டுமே நஷ்டம். எது பெரியது என்று பார்க்காமல், "ஒரு நாளைக்குச் சராசரியா எவ்வளவு போகுது, அவ்வளவு வாங்கு" என்பதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேக்கரியில் 12 ரூபாய்க்கு வாங்கி 20 ரூபாய்க்கு விற்கிறோம். விற்றால் 8 ரூபாய் லாபம். மிஞ்சினால் 12 ரூபாய் போச்சு. இருபது நாளில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைச் சிறியதிலிருந்து வரிசையாக எழுதினால் இப்படி வருகிறது: 22, 24, 25, 27, 28, 30, 31, 32, 34, 35, 36, 38, 39, 40, 42, 44, 45, 48, 52, 58. சராசரி 36.5, அதனால் 37 வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 37-வது பஃப்ஸ் ஒன்றை மட்டும் பாருங்கள். இருபது நாளில் ஒன்பது நாள்தான் அது விற்கும். வரவு 72 ரூபாய். மற்ற பதினோரு நாள் குப்பைக்குப் போகும், நஷ்டம் 132. இப்படியே கீழே இறங்கி வந்தால் 32-வதுதான் லாபம் தரும் கடைசி பஃப்ஸ். 33-லும் 34-லும் வரவும் நஷ்டமும் சமம்.

குறுக்கு வழி: லாபத்தை, லாபமும் நஷ்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 8-ஐ 20-ஆல் வகுத்தால் 40 சதவீதம். வரிசையில் 40 சதவீத இடம் எட்டாவது நாள், அதாவது 32. அதே பஃப்ஸை நாமே 6 ரூபாயில் சுட்டால் 70 சதவீதம் வரும். அப்போது 40 போடலாம்.

மிஞ்சியதை 20 ரூபாய் நஷ்டம் என்று எழுதுவது அடுத்த தப்பு. கையை விட்டுப் போனது 12 தான். ராத்திரி 5 ரூபாய்க்குத் தள்ளிவிட முடிந்தால் வெறும் 7. அப்போது 36 வரை போகலாம். (தினமும் தள்ளிவிட்டால் ஆட்கள் ராத்திரிக்காகக் காத்திருப்பார்கள், அது வேறு.) பஃப்ஸ் இல்லையென்று டீயும் குடிக்காமல் போகிறவர் உண்டு என்றால் அந்த டீ லாபத்தையும் 8-உடன் கூட்டுங்கள்.

இதைவிட மோசமானது நோட்டில் இருக்கிறது. 30 வாங்கினோம், 30-ம் விற்றது, அதனால் தேவை 30 என்று எழுதுகிறோம். ஐந்தரைக்குப் பிறகு கேட்டவர்களைக் கல்லா எண்ணுவதில்லை. இந்த நோட்டை நம்பி வாங்கினால் அளவு மாதாமாதம் குறைந்துகொண்டே போகும். தீர்ந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மிஞ்சிய நாட்களில் ஐந்தரைக்கு மேல் வழக்கமாக ஆறு போயிருந்தால், ஐந்தரைக்கே 30-ம் தீர்ந்த நாளின் கணக்கில் 36 என்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் தனிப் பக்கம்.