கொடுமுடி ஏன் கிடைக்கவில்லை: முன்னொட்டு மரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் சனிக்கிழமை மாலைகளில் சில கல்லூரிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். போன வாரம் எழுத்துக் கட்டத்தில் ஊர்ப்பெயர் தேடும் ஆட்டம். அடுத்தடுத்த கட்டங்களில், மூலைவாட்டத்திலும் நகரலாம். மிதித்த கட்டத்தை அதே சொல்லில் மறுபடி மிதிக்கக் கூடாது. ஊர்ப்பட்டியலை முன்னொட்டு மரமாக அடுக்கி வைப்போம்: ஒவ்வோர் எழுத்தும் ஒரு கணு, ஒரே தொடக்கம் கொண்ட சொற்கள் ஒரே கிளையில் போகும். நடக்கும் பாதைக்கு மரத்தில் கிளை இல்லையென்றால் அங்கேயே வெட்டிவிட்டுத் திரும்பலாம்.

```
கொ  டு  ரோ  ஈ
டி  மு  கு  ம்
ப   ல்  ல   ட
வா  னி  கோ  வை
```

பல்லடமும் பவானியும் வந்துவிட்டன. "ஏனுங்ண்ணா, மேல ரெண்டு வரிசையிலயே கொடுமுடி நிக்குது, ஆனா வரவே மாட்டேங்குதுங்ண்ணா" என்றான் ஒரு தம்பி. ஈரோடும் வரவில்லை, கோவையும் வரவில்லை. பல வருடம் முன்பு இதே இடத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத்து வேறு, குறி வேறு

வராத மூன்று ஊர்களிலும் கொ, கோ, ரோ என்று கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. கிளை வெட்டும் பகுதியில்தான் பிழை என்று நினைத்து, அதை எடுத்துவிட்டு ஓட்டினேன். 4×4 கட்டத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் பாதைகள் உண்டு; அத்தனையையும் நடந்து முடித்தும் கொடுமுடி இல்லை. அப்படியானால் குற்றம் மரத்தின் மேல் இல்லை, சொல்லின் மேல். பட்டியலில் இருந்த கொடுமுடிக்கு `len` போட்டேன்: 9. நான் தட்டச்சு செய்ததற்குப் போட்டேன்: 8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காரணம் இது. யூனிகோடில் 'ொ' குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ' ஒன்று 'ா' ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மரத்துக்கு அவை இரண்டு வேறு கிளைகள். பட்டியல் ஒரு வழியிலும் கட்டம் இன்னொரு வழியிலும் வந்தால், அந்த எழுத்து வரும் அடியிலேயே கிளை இல்லை என்று தேடல் திரும்பிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. சொல் காணாமல் போவதுதான் ஒரே அடையாளம், அதனால்தான் இன்றைக்கும் எனக்கு இதன் மேல் கோபம்.

பலரும் குறியீடு ஒவ்வொன்றையும் ஒரு கணுவாக வைத்து மரத்தைக் கட்டுகிறார்கள். பட்டியலும் கட்டமும் ஒரே வழியில் எழுதப்பட்டிருந்தால் விடை சரியாகவே வரும், ஆனால் வெட்டு தாமதமாகும். பட்டியலில் 'கோட' என்று தொடங்குவதாகக் கோடு, கோடை, கோட்டை மட்டும் இருக்கின்றன என்று வையுங்கள். கட்டத்தில் கோ-வுக்குப் பக்கத்தில் இருப்பது ட. எழுத்து மரத்தில் கோ-வின் கீழ் டு, டை, ட் மட்டுமே இருக்கும். ட இல்லை, அங்கேயே வெட்டு விழும். குறியீட்டு மரத்திலோ மூன்று சொற்களும் ட வழியாகத்தான் போகின்றன. கிளை இருக்கிறது என்று நம்பி, தேடல் கு, ம், ல, வை நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். இந்த வீண் நடை இப்படிப்பட்ட ஒவ்வொரு பாதையிலும் நடக்கிறது.

மரத்தில் போடும் முன் இதைச் செய்யுங்கள்:

```python
import re, unicodedata

def ezhuthukkal(sol):
    sol = unicodedata.normalize("NFC", sol.strip())
    e = re.findall(r"[\u0b83-\u0bb9][\u0bbe-\u0bcd]?", sol)
    assert "".join(e) == sol, repr(sol)
    return e
```

`NFC` பிரிந்த குறிகளை ஒன்றாக்கும். அடுத்த வரி எழுத்து எழுத்தாக வெட்டும். கொடுமுடிக்கு கொ, டு, மு, டி என நான்கு வர வேண்டும். `assert` வரியை எடுத்துவிடாதீர்கள்: கண்ணுக்குத் தெரியாத அகலமில்லாக் குறி ஒன்று பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் பிடிபடும். கட்டத்து எழுத்துகளையும் இதே வழியாக விடுங்கள். தம்பி பட்டியலுக்கு மட்டும் செய்திருந்தான், கட்டத்தை விட்டுவிட்டான்.

ஒவ்வோர் அடிக்கும் வேருக்குப் போகாதீர்கள்

இதுவரை சேர்ந்த சரத்தை வைத்து மேலிருந்து தேடினால் மரம் கட்டியதற்கே பயனில்லை. நிற்கும் கணுவையே அடுத்த அழைப்புக்குக் கொடுங்கள். ஒரு அடிக்கு ஒரு தேடல் போதும்.

சொல் கிடைத்ததும் திரும்பாதீர்கள்

'கல்' கணுவின் கீழேதான் 'கல்வி' இருக்கிறது.

ஔ

`NFC` இதைத் தீர்க்காது. ஔவையை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியவர்கள் நிறையப் பேர். 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றினால் 'ஒளி' கெட்டுவிடும். அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் சொற்களை மட்டும் தனியாக எடுத்துக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.